நாலு பக்கத்து நற்சான்று

நான் வேலை செய்கிற ஐஸ் தொழிற்சாலை குருநகர்க் கரையோரம் இருக்கிறது. படகுக்காரருக்கும் மீன் வியாபாரிகளுக்கும் கட்டி ஐஸ் செய்து கொடுக்கிறோம். காலையில் சண்டிலிப்பாயிலிருந்து ஸ்கூட்டியில் வந்து கந்தோரில் கணக்கும் கடிதமும் பார்ப்பது என் வேலை. முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார். இங்கே எல்லாம் மனேஜர்தான். ஆனால் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எது வெளியே போனாலும் அதை நான் பார்த்த பிறகுதான் போகவேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. அந்தக் கட்டளை ஏன் வந்தது என்பது எனக்கு இந்தக் கதை நடந்த வாரம்தான் முழுதாக விளங்கியது.

மனேஜர் நல்ல மனிதர். அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு பக்கம் தொழிற்சாலையை நடத்துவார், மறுபக்கம் தன் கத்தோலிக்கப் பங்குக் கோவிலின் உதைபந்தாட்டக் கழகத்துக்குத் தலைவராக இருந்தார். இந்த இரண்டு பதவிகளில் எது பெரிதென்று கேட்டால் அவர் யோசிக்காமல் பதில் சொல்லுவார். அந்தப் பதிலை முதலாளி கேட்காமலிருப்பது நல்லது.

எங்களிடம் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். முப்பது வயதிருக்கும். இயந்திரங்களை நன்றாகத் தெரிந்தவர், வாடிக்கையாளரோடு பணிவாகக் கதைப்பவர். என்னை ‘அக்கா’ என்று கூப்பிடுவார். அவர் பக்கத்துப் பங்கின் கழகத்துக்கு விளையாடுபவர். கடைசியாக நடந்த கிண்ணப் போட்டியின் இறுதியாட்டத்தில், கடைசி நேரத்தில், எங்கள் மனேஜரின் கழகத்துக்கு எதிராக ஒரு கோல் அடித்துவிட்டார். ஓஃப்சைட் என்று மனேஜர் சொன்னார். கோல் என்று நடுவர் சொன்னார். கிண்ணம் பக்கத்துப் பங்குக்குப் போனது. அதற்குச் சில கிழமைகளுக்குப் பிறகு, தாய்க்குச் சுகமில்லை, பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும் என்று மேற்பார்வையாளர் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து வேலையை விட்டார். தாய்க்குச் சுகமில்லை என்பதை மனேஜர் கடைசிவரை நம்பவில்லை. கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருக்கப் போகிறான் என்றார்.

பல மாதங்கள் கழித்து, கொழும்புப் பக்கத்திலுள்ள ஒரு குளிர்களஞ்சிய நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. தாய்க்குச் சுகமானதும் எங்கள் பழைய மேற்பார்வையாளர் அங்கே விண்ணப்பித்திருக்கிறார். உறவினரல்லாத நற்சான்று தருபவராக மனேஜரின் பெயரைக் கொடுத்திருக்கிறார். தன்னைப் பற்றி விசாரிப்பதற்குச் சம்மதம் என்று அவர் கையெழுத்திட்ட தாளும் இணைக்கப்பட்டிருந்தது. எந்தக் காலத்தில், என்ன பதவியில் இருந்தார், வேலை எப்படி, வரவு எப்படி, கவலைப்படவேண்டிய விடயம் ஏதும் உண்டா, மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா என்று ஐந்தே கேள்விகள்.

மனேஜர் அதை மூன்று முறை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, ஆண்டவர் ஒரு கதவை மூடினால் இன்னொன்றைத் திறக்கிறார் என்றார். மின்னஞ்சலை அச்செடுத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் காலை நாலு பக்கம் கொண்டுவந்தார். நாலு தாளில், கைப்பட எழுதியது. இதை அப்படியே இங்கிலிசில் போட்டு அனுப்பும் என்று என்னிடம் தந்துவிட்டு, ஐஸ் ஏற்றுவதைப் பார்க்க வெளியே போய்விட்டார்.

நான் வாசிக்கத் தொடங்கினேன். ‘கனம் ஐயா, நீங்கள் கேட்டிருக்கும் நபரைப் பற்றி எழுதப் பேனையைத் தூக்கும்போதே என் கை நடுங்குகிறது’ என்று கடிதம் ஆரம்பித்தது. முதல் பக்கத்தில் நன்றிகெட்ட உலகம் பற்றிப் பொதுவாகச் சில கருத்துகள். இரண்டாம் பக்கத்தில் அந்த மனிதர் கள்ளன், சோம்பேறி, வேலைக்கே வராதவர். மூன்றாம் பக்கம் முழுவதும் ஒரு படம். கோல் கம்பம், கோடுகள், சிறு வட்டங்களாக ஆட்டக்காரர்கள், ஒரு வட்டத்துக்குப் பக்கத்தில் ‘இவர்’ என்று அம்புக்குறி. மைதானத்துக்கு வெளியே, மற்ற வட்டங்களைவிடப் பெரிதாக ஒரு வட்டம். அதற்குள் ‘நான்’. படத்தின் கீழே ‘இணைப்பு’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். நாலாம் பக்கத்தில், இத்தகைய ஒருவரைக் குளிரூட்டிய அறைக்குள் விடுவது உங்கள் பொறுப்பு என்று முடித்து, முத்திரையும் குத்தியிருந்தார்.

அவர் திரும்பி வந்ததும், இதை என்னால் அனுப்ப முடியாது என்றேன். இங்கிலிசு பிழையென்றால் திருத்தும் என்றார். இங்கிலிசுக்கு இன்னும் வரவேயில்லை, தமிழிலேயே நிற்கிறேன் என்றேன். அவர் கதிரையை இழுத்துப்போட்டு, வழக்குக்கு வந்தவர்போல எனக்கெதிரே உட்கார்ந்தார்.

நான் இரண்டாம் பக்கத்தை எடுத்தேன்.

“கள்ளன் எண்டு எழுதியிருக்கிறியள், சேர். என்னத்தைக் களவெடுத்தவர்?”

“வெற்றியை.”

அந்தச் சொல்லை வெட்டினேன். அவர் என் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலைக்கே வராதவர் என்பதற்கு வரவு இடாப்பை எடுத்து முன்னால் வைத்தேன். பத்துப் பதினைந்து நாள் இருக்கும் என்றார். மேற்பார்வையாளரின் கடைசி வருடத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். லீவுக்கு எழுதிக் கேட்டு, மனேஜரே கையெழுத்து வைத்த நாட்களையும் அவர் குற்றக்கணக்கில் சேர்த்திருந்தார். தன் கையெழுத்தைப் பார்த்ததும், அது அவசரத்தில் வைத்தது என்றார். எல்லாவற்றையும் கழித்தால், சொல்லாமல் வராமல் நின்றது நாலு நாள். அது உண்மைதான். நாலு நாளும் ஆட்களை மாற்றிப் போடுவதற்கு நாங்கள் பட்ட பாடு எனக்கும் நினைவிருந்தது.

“அப்ப நாலும் ஃபுட்போல் மச் நடந்த நாள் எண்டு போடும்.”

“என்ன நாளெண்டு அவைக்குத் தேவையில்லை, சேர். சொல்லாமல் நிண்டவர் எண்டதுதான் தேவை.”

அவருக்கு அது பெரிய நட்டமாகத் தெரிந்தது. மச் என்ற சொல் ஒரு இடத்திலாவது வரவேண்டும் என்று கேட்டார். நான் மாட்டேன் என்றேன்.

அடுத்தது லொறி. இதில் மனேஜரின் பக்கம் நியாயம் இருந்தது. ஒரு நாள் சாவகச்சேரிச் சந்தைக்கு ஐஸ் ஏற்றிய லொறியோடு மேற்பார்வையாளர் போனார். போன லொறி பின்னேரம்வரை சந்தைக்குப் போய்ச் சேரவில்லை. மீன் வியாபாரிகள் மாறி மாறி ரெலிபோன் எடுத்தார்கள். லொறி புத்தூரில் ஒரு மைதானத்தின் வேலியோரம் நின்றது. உள்ளே இருந்த ஐஸ் பாதிக்குமேல் தண்ணீராக ஓடி, கோல் கம்பத்துக்குப் பின்னால் சேறாகி, அந்தச் சேற்றில் கோல்காப்பாளர் வழுக்கி விழுந்ததால் ஆட்டம் வேறு நீண்டுவிட்டது.

அதற்கு விசாரணை நடந்தது. நான்தான் குறிப்பெடுத்தேன். சாவகச்சேரிக்குப் போகிற லொறிக்குப் புத்தூரில் என்ன வேலை என்று மனேஜர் கேட்க, புத்தூரால் போனாலும் மீசாலைக்கு ஏறிச் சாவகச்சேரிக்குப் போகலாம்தானே என்று மேற்பார்வையாளர் சொன்னார். அது பொய்யில்லை. அப்படி ஒரு பாதை இருக்கிறது. பாதி விசாரணை சுவரில் தொங்கிய குடாநாட்டு வரைபடத்துக்கு முன்னால் நின்றபடி நடந்தது. கண்டி வீதியால் போகாததற்குக் காரணம் என்ன, எந்தப் பாதையில் குழி குறைவு, எதில் மாடு கூட என்று இருவரும் விரலால் காட்டிக் காட்டிக் கதைத்தார்கள். கடைசியில் அவரே, அனுமதியில்லாமல் மச் பார்க்க நிறுத்தினது என் பிழைதான் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தோம். அதற்குப் பிறகு அப்படி ஒருநாளும் நடக்கவில்லை.

மனேஜர் தன் கடிதத்தில் இதை ‘லொறியைக் கடத்தினார்’ என்று எழுதியிருந்தார். பிறகு எச்சரித்ததும் அவர் திருந்தியதும் அதில் இல்லை. அதைச் சேர்க்கவேண்டும் என்றேன். சேர்த்தால் குற்றம் சின்னதாகிவிடுமே என்றார். குற்றம் அதே அளவுதான், அது முடிந்த இடத்தையும் சொல்லுகிறோம் என்றேன்.

இந்த நேரத்தில்தான் பங்குத் தந்தை வந்தார். திருவிழாவுக்குச் சர்பத் கரைக்க ஐஸ் சொல்லிவிட்டுப் போக வந்தவர். மனேஜருக்குப் புது உற்சாகம் பிறந்தது. நாலு பக்கத்தையும் எடுத்து, விண்ணப்பித்தவரின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு அவரிடம் நீட்டினார். மற்றவர் விடயம், காட்டக்கூடாது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சுவாமி முதல் பக்கத்தைத் தாண்டிவிட்டார். பெயரை மறைத்ததில் பயனொன்றும் இருக்கவில்லை. மூன்றாம் பக்கத்துப் படத்தைப் பார்த்தால் குருநகரில் பால்குடிப் பிள்ளைக்கும் ஆளைத் தெரியும்.

சுவாமி வாசித்து முடித்து, தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

“எத்தனையோ வருசமாய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்கிறன். உந்தளவு நீளத்துக்கு ஒருத்தரும் சொன்னதில்லை. அதுவும் மற்றவன்ரை பாவத்தை.”

சர்பத்துக்கு எத்தனை கட்டி வேண்டும் என்பதை என்னிடம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மனேஜர் வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தார். பிறகு, சுவாமிக்கு ஓஃப்சைட் விளங்காது என்றார். இனி அந்தத் தாளை ஒருவருக்கும் காட்டமாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். சொன்னார். படத்தை மட்டும் தனக்குத் திருப்பித் தரும்படி கேட்டார். அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தேன். கவனமாக மடித்து வைத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது, வேலை எப்படி என்ற கேள்வி. அதற்கு அந்த நாலு பக்கத்திலும் பதிலே இல்லை. நான் அமோனியா கசிந்த நாளைப் பற்றிக் கேட்டேன்.

ஐஸ் உறையவைக்கிற எங்கள் இயந்திரம் அமோனியாவில் ஓடுவது. ஒரு மத்தியானம் வால்வு ஒன்றில் கசிவு வந்தது. மூக்கைக் குத்தும் நெடி கந்தோர்வரை வந்தது. மேற்பார்வையாளர் பதறாமல் எல்லோரையும் காற்று வருகிற பக்கமாக வீதிக்கு அனுப்பினார். முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய் இயந்திரத்தை நிறுத்தி, கசிந்த குழாய்க்கு வருகிற வால்வை மூடினார். வெளியே வந்து ஆட்களை எண்ணினார். ஒரு ஆள் குறைந்தது. மனேஜர் தன் சாப்பாட்டுக் கரியரை எடுப்பதற்காகப் பின்கதவால் திரும்ப உள்ளே போயிருந்தார். அன்று வீட்டில் கணவாய்க் கறி. மேற்பார்வையாளர் மறுபடி போய், கண்ணெரிந்து வழி தெரியாமல் நின்ற மனேஜரைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். கரையிலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். தலைகீழாகத் தொங்கியபோதும் மனேஜர் கரியரை விடவில்லை. கறி கொஞ்சமும் சிந்தவில்லை என்பதைப் பிறகு பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு, சிரித்தபடி சொன்னவர்களும் உண்டு.

அதை எழுதவேண்டாம் என்றார் மனேஜர். கரியர் பற்றி எழுதமாட்டேன், ஆபத்து நேரத்தில் நிதானமாக நடந்துகொண்டார் என்று ஒரு வரி மட்டும் என்றேன். ஜன்னலால் கடலைப் பார்த்தார். அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை.

“அண்டைக்கு அவன் என்னைத் தூக்கேக்கை, ‘பயப்பிடாதேங்கோ சேர்’ எண்டு ஒரு சொல்லுச் சொன்னவன், பிள்ளை. அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

அந்த ஒரு வரியை எழுதட்டுமா என்று கேட்டேன். ஓமென்று தலையை ஆட்டிவிட்டு எழும்பி வீட்டுக்குப் போய்விட்டார். கடைசிக் கேள்விக்கு நாளைக்குப் பதில் சொல்லுகிறேன் என்றார்.

அன்று பின்னேரம் நான் மிச்சத்தைச் சுருக்கி எழுதி வைத்தேன். விடயம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த நாள் அவர் ஒரு புதுத் தாளோடு வந்தார். கண் சிவந்திருந்தது. ‘கனம் ஐயா, இப்படியொரு மனிதரை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை’ என்று அது ஆரம்பித்தது. தங்கம், மாணிக்கம், பெற்ற பிள்ளை. லொறி இல்லை, நாலு நாள் இல்லை. அவரை வேலைக்கு எடுக்காவிட்டால் அந்த நிறுவனத்தின் ஐஸ் உறையாது என்ற தொனியில் ஒரு வசனமும் இருந்தது.

முதல் நாளைவிட அன்றுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோபத்தில் எழுதியதை வெட்டுவது சுலபம். கண்கலங்கிய மனிதரின் முன்னால் பேனையை எடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் கேட்டேன்.

“கவலைப்படவேண்டியது ஏதும் உண்டோ எண்டு கேட்டிருக்கினம், சேர். ஒண்டுமில்லையெண்டு நாங்கள் எழுத ஏலுமோ?”

“நேற்று எழுதவேண்டாம் எண்டீர். இண்டைக்கு எழுதவேணும் எண்டுறீர்.”

“நேற்றைய தாளில கிடந்தவரும் அவரில்லை, இதில கிடக்கிறவரும் அவரில்லை. ரெண்டையும் பார்த்தால் அவருக்கே தன்னை ஆரெண்டு விளங்காது.”

நாளைக்கு அங்கேயும் ஒரு லொறி எங்காவது நின்றால், நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று எங்களைத்தான் கேட்பார்கள் என்றும் சொன்னேன். அவர் நான் எழுதியதை வாங்கி, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தார். இங்கிலிசில் போன அந்தக் கடிதம் தமிழில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘இவர் எங்களிடம் ஐந்து வருடங்கள் மேற்பார்வையாளராக இருந்தார். சுகவீனமான தாயைப் பார்ப்பதற்காக, உரிய முன்னறிவித்தல் தந்து விலகினார். இயந்திரங்களைப் பற்றிய அறிவும் வாடிக்கையாளரோடு பழகும் விதமும் நன்று. அமோனியா கசிவு ஏற்பட்டபோது நிதானமாக நடந்து, எவருக்கும் காயம் வராமல் பார்த்துக்கொண்டார். இரண்டு விடயங்களைச் சொல்லவேண்டும். கடைசி வருடத்தில் நாலு நாட்கள் அறிவிக்காமல் வேலைக்கு வரவில்லை. ஒருமுறை, விநியோகத்துக்குச் சென்ற லொறியை அனுமதியின்றி வழியில் நிறுத்தியதால் ஐஸ் பழுதாகியது. அதை ஒப்புக்கொண்டார், எழுத்தில் எச்சரித்தோம், மீண்டும் நடக்கவில்லை. மேலும் தெரியவேண்டுமானால் தொலைபேசியில் கேட்கலாம்.’

கடைசிக் கேள்விக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன். மீண்டும் வேலைக்கு எடுப்பீர்களா.

மனேஜர் அந்த வெற்றிடத்தில் விரலை வைத்தார். வெளியே கட்டி நொறுக்குகிற இயந்திரம் ஓடி நின்றது.

“ஓம் எண்டு போடும். லீவெண்டால் முதலே சொல்லவேணும் எண்ட கதையோடை எடுப்பன்.”

அப்படியே போட்டேன். அவர் கையெழுத்து வைத்தார். அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரிக்கே அனுப்பினேன். மிஞ்சிய மூன்று பழைய தாள்களையும் அந்தப் புதுத் தாளையும், மனேஜர் சம்மதித்ததும், கிழித்துக் கடதாசிக் கூடைக்குள் போட்டேன்.

இரண்டு நாளில் அங்கிருந்து ஒரு பெண் ரெலிபோன் எடுத்தார். நாலு நாள் என்பது அடுத்தடுத்து வந்த நாட்களா, இடைவிட்டு வந்தவையா என்று கேட்டார். இடைவிட்டு என்று மனேஜர் சொன்னார். அதற்கு ஏதும் காரணம் இருந்ததா என்று அவர் கேட்டதும் மனேஜர் வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் திறந்த வாயை மூடி, நெற்றியைத் துடைத்து, விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளை, அதுக்குப் போனவர் என்று சொன்னார். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ரெலிபோனை வைத்ததும் ஒரு போத்தல் தண்ணீரை முழுதாகக் குடித்தார். கடலில் வலை இழுத்தவரும் அப்படிக் களைத்து நான் கண்டதில்லை.

வேலை கிடைத்தது. போவதற்கு முன் மேற்பார்வையாளர் எங்களிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார். நேர்முகத்தில் அந்த இரண்டு விடயங்களையும் கேட்டார்களாம். இரண்டும் உண்மைதான் என்று சொன்னாராம். சொல்லாமல் நின்றால் ஆறு மாதத் தகுதிகாண் காலத்திலேயே நிறுத்திவிடுவோம் என்று எழுதித்தான் எடுத்திருக்கிறார்கள். சேர் இதைவிடக் கூட எழுதுவார் என்றுதான் பயந்தேன், அக்கா, என்றார். நான் தேத்தண்ணி கொண்டுவரப் போய்விட்டேன். வந்து பார்த்தபோது இருவரும் வாசலில் நின்று, மடித்து வைத்திருந்த படத்தை விரித்து, அதில் யார் எங்கே நின்றது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. ஐஸ் ஏற்ற வந்த இரண்டு படகுக்காரரும் அதற்குள் கட்சி பிரிந்துவிட்டார்கள்.

அதுவரை ஆளில்லாமல் கிடந்த அவருடைய இடத்துக்கு ஒருவரை எடுக்க விளம்பரம் கொடுத்தோம். ஒரு விண்ணப்பம் நன்றாக இருந்தது. அந்த விண்ணப்பக்காரரின் பழைய மனேஜருக்கு அதே ஐந்து கேள்விகளையும் அனுப்பினோம். ஒரே வரியில் பதில் வந்தது. ‘மிக நல்ல பிள்ளை, ஆண்டவன் துணை.’

மனேஜர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

“உதென்ன பதில். இந்தாளுக்கு ஒரு குறையும் தெரியாமல் எப்பிடி அவனை வைச்சிருந்தது?”

நம்பரை அழுத்தினார். மறுமுனையில் எடுத்தவரிடம் தன்னை அறிமுகப்படுத்தி, நீங்கள் எழுதியதில் கவலை ஒன்றும் காணேல்லை, தயவுசெய்து வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ, நான் இருக்கிறன் என்றார். பிறகு ரெலிபோனைக் காதில் வைத்தபடி, என்னைப் பேனை எடுக்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, பொறுமையாகக் காத்திருந்தார்.